அச்சக மென்பொருளில் ‘ஜாப் கார்டு’: தமிழில் என்ன போடலாம்?

தேன்மொழி:
வணக்கம். சிறிய அச்சகங்களுக்கான கணக்கு மென்பொருளைத் தமிழாக்கி வருகிறோம். ஜாப் கார்டுக்கு ‘வேலை அட்டை’, ஸ்டேஜுக்கு ‘நிலை’, அட்வான்ஸுக்கு ‘முன்பணம்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

ரகு:
‘வேலை அட்டை’ வேண்டாம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் குடும்பத்துக்குக் கொடுக்கும் அட்டையைத்தான் ஊரெல்லாம் அப்படிச் சொல்கிறார்கள். ‘பணிச்சீட்டு’ என்று போடுங்கள். அட்வான்ஸுக்கு ‘அச்சாரம்’ என்ற அருமையான சொல் நம்மிடமே இருக்கிறதே, ஏன் விட வேண்டும்?

செல்வி:
எங்களுடையது தையல் கடை. ஆர்டர் எடுத்ததும் பில்லின் ஒரு பாதியைக் கிழித்துக் கஸ்டமரிடம் கொடுப்போம். அதில் டெலிவரி தேதியும் அட்வான்ஸும் இருக்கும். அதற்கு எல்லோரும் ‘டோக்கன்’ என்றுதான் சொல்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமே?

முருகேசன்:
செல்வியம்மா, நீங்கள் சொல்வது வாடிக்கையாளர் கைக்குப் போவது. தேன்மொழி கேட்பது கடைக்குள்ளேயே சுற்றுவது. சிவகாசியில் எங்கள் அச்சகத்தில் அது ஒரு பெரிய காக்கி கவர். மேலே பெயர், எண்ணிக்கை, பேப்பர், தேதி எழுதியிருக்கும். உள்ளே வாடிக்கையாளர் கொடுத்த மேட்டர், கையெழுத்துப் போட்ட புரூஃப், பேப்பர் சாம்பிள் எல்லாம் இருக்கும். டிசைன் மேசையிலிருந்து பிளேட், மெஷின், கட்டிங், பேக்கிங் என்று வேலையோடு கவரும் நகரும். கவர் எந்த மேசையில் இருக்கிறதோ அதுதான் ஸ்டேஜ்.

ரகு தம்பி, ‘பணிச்சீட்டு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘அச்சாரம்’ பொருந்தாது. அச்சாரம் பேரம் முடிந்ததற்கு அடையாளமாக ஒரே ஒரு முறை கொடுப்பது. எங்களுக்குப் பணம் அப்படி வருவதில்லை. ஒரு கணக்கையே சொல்கிறேன். 500 கல்யாணப் பத்திரிகை, ஒன்று 18 ரூபாய், மொத்தம் 9,000. ஆர்டர் அன்று 4,000 கொடுத்தார்கள். புரூஃபில் கையெழுத்து வாங்கி, நாலு கலருக்கும் பிளேட் போட்ட பிறகு மண்டபம் மாறிவிட்டது என்றார்கள். எழுத்தெல்லாம் கறுப்பில் மட்டும் இருந்ததால் ஒரு பிளேட்டை மாற்றினால் போதும், கூடுதலாக 300. அன்றே இன்னொரு 2,000 கொடுத்தார்கள். ஆக மொத்தம் 9,300, வந்தது 6,000, பாக்கி 3,300.

இதில் தப்பு எங்கே வருமென்றால், மென்பொருளில் அட்வான்ஸுக்கு ஒரே ஒரு கட்டம் இருந்தால் பையன் 4,000-ஐ அழித்துவிட்டு 2,000 என்று அடித்துவிடுவான். பாக்கி 7,300 என்று காட்டும், டெலிவரி அன்று கவுன்டரில் சண்டை. ஒவ்வொரு தொகையும் தேதியோடு தனி வரியாக விழ வேண்டும். அதனால் அந்த இடத்தில் ‘முன்பண வரவுகள்’ என்று பன்மையில் போடுங்கள்.

ஃபாத்திமா:
நான் கணக்கு பார்ப்பவள். அண்ணன் சொன்ன தனி வரி வரிக் கணக்குக்கும் அவசியம். ஆசிரியர் மேட்டர் கொடுக்க, அச்சகம் தன் பேப்பரில் புத்தகம் அடித்துக் கொடுத்தால் ஜி.எஸ்.டி.யில் அது சேவை. முன்பணம் வாங்கும்போதே வரி வந்துவிடும். அதே அச்சகம் தன் பேப்பரில் வாடிக்கையாளரின் டிசைனோடு கவரோ அட்டைப்பெட்டியோ அடித்தால் அது பொருள். பொருளுக்கான முன்பணத்துக்கு 2017 நவம்பரிலிருந்து அப்போதே வரி கட்ட வேண்டியதில்லை, பில் போடும்போது கட்டலாம். தேதி இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் எந்த மாதக் கணக்கில் சேர்ப்பது என்றே தெரியாது. இன்னொன்று: முன்பணம் வருமானம் இல்லை. பொருளைக் கொடுக்கும்வரை நாம் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பு. ‘வரவு’ என்று போட்டால் வருமானம் என்று நினைத்துவிடுவார்களோ என்று யோசனையாக இருக்கிறது. ‘பெற்ற முன்பணம்’ தேவலை.

சிவா:
யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘முற்பணம்’ என்றுதான் எழுதுவோம், ரசீதைப் ‘பற்றுச்சீட்டு’ என்போம். ‘பணிச்சீட்டு’ எங்களுக்கும் விளங்கும். ஆனால் ஒரே திரையில் பணிச்சீட்டும் பற்றுச்சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அவசரத்தில் மாறி அழுத்திவிடுவார்கள்.

ரகு:
அச்சாரத்தை விட்டுவிடுகிறேன், முருகேசன் அண்ணன் சொல்வது நியாயம். ஆனால் ‘நிலை’ எனக்கு உறுத்துகிறது. ‘நிறுத்தம்’, ‘ரத்து’ என்பதும் நிலைதானே? மேசையைச் சொல்ல ‘கட்டம்’ என்று வைக்கலாம்.

முருகேசன்:
கட்டம் என்றால் பையன்கள் திரையில் இருக்கும் பெட்டியைத்தான் நினைப்பார்கள். ‘படி’ போட்டால் புரூஃப் படியோடு குழம்பும். அப்புறம், மண்டபம் மாறிய அந்த வேலை மெஷினிலிருந்து பிளேட்டுக்குத் திரும்பி வந்தது. திரும்பி வருவதும் பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த 300 ரூபாய் எதற்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

தேன்மொழி:
சரி. ‘பணிச்சீட்டு’, ‘பெற்ற முன்பணம்’ இரண்டையும் ஏற்றிவிடுகிறேன். இலங்கைப் பதிப்பில் ‘முற்பணம்’. சிவா சொன்ன குழப்பம் வராமல் இரண்டு பொத்தான்களையும் தள்ளி வைக்கச் சொல்கிறேன். முன்பணத்தைத் தனித்தனி வரியாக்குவது மொழிபெயர்ப்பில் முடியாது, நிரல் எழுதுபவர்களிடம் கேட்க வேண்டும். ஸ்டேஜுக்கு இப்போதைக்கு ‘நிலை’ இருக்கட்டும். ‘எந்த மேசையில்’ என்றே போட்டால் மற்ற அச்சகங்களுக்கும் புரியுமா, முருகேசன் அண்ணா?