காதில் கோச் பேச, குழந்தையோடு விளையாடுவது: பிசிஐடி பலன் தருமா?

நிலாமுற்றம் (நியூ ஜெர்சி)

எங்க பையனுக்கு நாலு வயசு. ப்ரீஸ்கூல்ல அடிக்கிறான், கடிக்கிறான்னு ரெண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. குழந்தைகள் டாக்டர் பிசிஐடிக்கு, அதாவது பெத்தவங்களும் குழந்தையும் பழகற விதத்தை மாத்தற ஒரு சிகிச்சைக்கு, எழுதிக் கொடுத்திருக்கார். நான் காதுல இயர்பீஸ் மாட்டிக்கிட்டு அவனோட விளையாடணுமாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருத்தங்க நான் என்ன பேசணும்னு சொல்லுவாங்களாம், அதுவும் இங்கிலீஷ்ல. வீட்ல நாங்க தமிழ்தான். யாராவது போயிருக்கீங்களா? இது உதவுமா, இல்ல வெறும் நாடகமா?

வேம்படி

நாடகம்தான் சகோதரி. குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்து வளர்கிறது. அந்த அம்மா வேறொருவர் சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால், அவன் யாரோடு விளையாடுகிறான்? அதைவிட எனக்குக் கோபம் இரண்டாம் பகுதி மேல்தான். சொன்னதைக் கேட்காவிட்டால் நாற்காலியில் தனியாக உட்கார வைக்கச் சொல்வார்கள். கடிக்கிற பிள்ளை பயந்த பிள்ளை. அவனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் தள்ளி வைக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஆலமரத்தடி

அம்மா, என் பேரனுக்கும் காதில் மெஷின் வைத்தார்கள், கோயம்புத்தூரில். முதல் மாதம் பிடுங்கிப் போட்டான், அப்புறம் பழகிவிட்டது. பயப்படாதீர்கள். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், அவன் செய்வதை எல்லாம் நாம் வாயால் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பாள். நானும் தினமும் சொன்னேன். இப்போது நன்றாகப் பேசுகிறான்.

மல்லிகைப்பந்தல் (டெக்சாஸ்)

ஐயா, இதுல இயர்பீஸ் அம்மா காதுக்குத்தான், குழந்தைக்கு இல்ல. ஆனா அவன் செய்யறதை வாயால சொல்றதுன்னு சொன்னீங்களே, அது அப்படியே இதுலயும் உண்டு.

நான் என் பொண்ணோட போனேன், அப்ப அவளுக்கு மூணரை வயசு. ஒவ்வொரு வகுப்பு ஆரம்பத்துலயும் கோச் அஞ்சு நிமிஷம் ஒண்ணும் பேசாம நம்ம வாயிலிருந்து வர்றதை எண்ணுவாங்க. முதல் நாள் என் கணக்கு: கேள்வி 34, கட்டளை 11. அவ செஞ்சது இன்னதுன்னு சொல்லிப் பாராட்டினது ஒண்ணுகூட இல்ல. நான் நல்லாத்தான் விளையாடறேன்னு நெனச்சுட்டிருந்தேன். "இது என்ன கலர்? எத்தனை இருக்கு? இது எங்க வைக்கணும்?" விளையாட்டுங்கற பேர்ல பரீட்சை வெச்சிருக்கேன்.

தமிழ் பத்திக் கேட்டீங்களே, அங்கதான் எனக்கு இன்னொரு வம்பு. குழந்தை சொன்னதையே திருப்பிச் சொல்லணும்னு ஒரு விதி இருக்கு. அவ "வண்டி ஓடுது"ம்பா, நான் "வண்டி ஓடுதா?"ம்பேன். அந்த ஒரு "ஆ" சேர்ந்தாலே கேள்வி! எங்க கோச்சுக்குத் தமிழ் தெரியாது, ஆனா என் குரல் மேல போறதைக் கேட்டே கண்டுபிடிச்சிடுவாங்க. "இறக்கிச் சொல்லுங்க"ன்னு காதுல மெதுவா வரும். "வண்டி ஓடுது. ஆமா, வேகமா ஓடுது." அவ்வளவுதான். அவ நிமிர்ந்து என்னைப் பார்த்து இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினா. அது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.

குழந்தைமனம்

நான் இந்தக் கோச் வேலையை ஒன்பது வருஷமாகச் செய்கிறேன், பாதிக் குடும்பங்கள் வீட்டில் வேறு மொழி பேசுபவை. வேம்படி கேட்டது நல்ல கேள்வி, அதனால் காதில் என்ன ஓடுகிறது என்பதைச் சொல்கிறேன்.

உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970களில் ஓரிகனில் இதை உருவாக்கினார். பெற்றோருக்கு அறிவுரை சொல்லி அனுப்பினால் அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள், மாலையில் குழந்தை தட்டை வீசும்போது ஒன்றும் நினைவுக்கு வராது. தவறு நடக்கிற அந்த நொடியிலேயே பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதற்குத்தான் இயர்பீஸ். கோச் வசனம் ஓதுவதில்லை. பெரும்பாலும் பெற்றோர் சொல்லி முடித்தவுடன் வருகிற மூன்று நான்கு சொற்கள்தான்: "அருமையான பாராட்டு", "அவன் கை செய்யறதைச் சொல்லுங்க", "இப்ப கவனிக்காத மாதிரி இருங்க, கோபுரத்தைப் பாருங்க". ஐந்தாறு வாரத்தில் கோச் பேசுவது பாதியாகக் குறையும். குறையாவிட்டால் அந்தக் கோச் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

முதல் கட்டத்தில் குழந்தைதான் விளையாட்டை நடத்தும். ஐந்து நிமிடத்தில், செய்ததைப் பெயரிட்டுப் பாராட்டுவது 10, அது பேசியதைத் திருப்பிச் சொல்வது 10, அது செய்வதை விவரிப்பது 10 வர வேண்டும். கேள்வி, கட்டளை, குறை சொல்லுதல் மூன்றும் சேர்த்து 3-ஐத் தாண்டக் கூடாது. இதை எட்டிய பிறகுதான் இரண்டாம் கட்டம். வீட்டில் தினமும் ஐந்து நிமிடம், அதே பொம்மைகள். பிளாக்ஸ், க்ரயான், சமையல் சாமான் போதும். பந்து, துப்பாக்கி, விதிகள் உள்ள ஆட்டங்கள் வேண்டாம், அவை சண்டையை அழைத்து வரும்.

"நல்ல பையன்" என்பது கணக்கில் சேராது. "பிளாக்கை மெதுவா எனக்குக் குடுத்தே, ரொம்பப் பிடிச்சது" என்பது சேரும். நம் வீடுகளில் கண்ணுபட்டுவிடும் என்று பிள்ளையை நேருக்கு நேர் புகழ மாட்டார்கள். அப்படிப்பட்ட அம்மாக்களிடம், பிள்ளையைப் புகழ வேண்டாம், அவன் கை செய்த வேலையைச் சொல்லுங்கள் என்பேன். அவர்களுக்கு அது வாயில் வரும்.

கணக்குப்பிள்ளை

இந்த முதல் கட்டமே நேர விரயம் என்பது என் கருத்து. பிரச்சினை கடிப்பது, தீர்வு டைம் அவுட். நான் இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே செய்தேன், வயதுக்கு ஒரு நிமிடம் என்று நாலு நிமிடம். முதல் வாரம் நன்றாக வேலை செய்தது. அப்புறம் என்னவோ பிசகிவிட்டது. இப்போது "டைம் அவுட் போறேன்" என்று அவனே போய் உட்கார்ந்துகொள்கிறான்.

குழந்தைமனம்

பிசகியது எங்கே என்று நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது, சார். அவன் நாற்காலியிலிருந்து எழுந்த பிறகு முதலில் சொன்ன வேலையைச் செய்தானா?

கணக்குப்பிள்ளை

இல்லை. நாலு நிமிடம் முடிந்தது, விட்டுவிட்டேன்.

குழந்தைமனம்

அப்படியானால் நாற்காலி அவனுக்கு வேலையிலிருந்து தப்பிக்கிற வழி. பிசிஐடியில் வயதைப் பார்ப்பதில்லை. 3 நிமிடம், அதன் முடிவில் 5 விநாடி அமைதி. பிறகு அதே கட்டளைக்குத்தான் திரும்புவோம். இன்னொன்று, முதல் கட்டம் இல்லாமல் டைம் அவுட்டுக்கு மதிப்பே கிடையாது. உங்களோடு இருக்கும் நேரம் இனிமையாக இருந்தால்தானே அதை மூன்று நிமிடம் இழப்பது அவனுக்கு இழப்பாகத் தெரியும்?

மல்லிகைப்பந்தல் (டெக்சாஸ்)

எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன், அப்ப புரியும். ரெண்டாம் கட்டம் முதல் நாள். கோச் காதுல ஒவ்வொரு வரியா குடுத்தாங்க. "சிவப்புக் காரை டப்பாக்குள்ள போடு." "போடறியா?" இல்ல, "போடலாமா?" இல்ல. போடு. அப்புறம் 5 விநாடி வாயைத் திறக்கக் கூடாது. நான் மூணாவது விநாடியிலயே திரும்பச் சொல்லப் போனேன், "பொறுங்க"ன்னு காதுல வந்தது. அவ போடலை. ஒரே ஒரு எச்சரிக்கை: "காரைப் போடலைன்னா டைம் அவுட் நாற்காலியில உட்காரணும்." மறுபடி 5 விநாடி. அவ காரை வீசினா. நாற்காலி.

கத்தினா பாருங்க! என் கை நடுங்கினது கோச்சுக்குத் தெரிஞ்சிருக்கும். "மூச்சு விடுங்க, அவ பத்திரமா இருக்கா, முகத்தைத் திருப்பிக்குங்க"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. தனியா இருந்திருந்தா ஒண்ணு நான் அடிச்சிருப்பேன், இல்ல தூக்கிக் கொஞ்சியிருப்பேன். கடைசியில அமைதியானா. "இப்ப காரைப் போட ரெடியா?" தலையாட்டினா, போய்ப் போட்டா. அதுக்கு வெறும் "சரி" மட்டும்தான். உடனே இன்னொரு சின்ன கட்டளை: "நீலக் காரையும் போடு." அவ டக்குன்னு போட்டதும்தான் பெரிய பாராட்டு. சொன்ன உடனே கேட்டா என்ன கிடைக்கும்னு அவளுக்குத் தெரியணும், அதுக்குத்தான் இந்த வரிசைன்னு அப்புறம் சொன்னாங்க.

வாராவாரம் அவ நடத்தை பத்தி 36 கேள்வி உள்ள ஒரு தாள் நிரப்பணும். முதல் வாரம் என் மதிப்பெண் 171, முடிக்கும்போது 108. 114 அல்லது அதுக்குக் கீழ வந்தாத்தான் முடிச்சு அனுப்புவாங்க. எங்களுக்கு 17 வகுப்பு ஆச்சு.

வேம்படி

நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்தக் கத்தலைத்தான் நான் சொல்கிறேன். உங்கள் வீட்டில் பாசம் ஏற்கனவே இருந்தது. அடி வாங்கி வளர்ந்த பிள்ளைக்கு இதே நாற்காலி என்ன சொல்லும்? நாற்காலியை விட்டு எழுந்தால் வேறு அறையில் ஒரு நிமிடம் விடுவார்கள் என்றும் படித்தேன்.

குழந்தைமனம்

அறை உண்மைதான். ஒரு நிமிடம், கூடவே 5 விநாடி அமைதி, பிறகு மீண்டும் நாற்காலி. எனக்கும் அது பிடித்த பகுதி இல்லை. சில குடும்பங்களோடு அறையை விட்டுவிட்டு வேறு வழி பார்த்திருக்கிறேன். எது சரி என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது.

ஆனால் அடி வாங்கிய பிள்ளைகள் பற்றிய கேள்விக்கு ஆய்வு உண்டு. 2004-இல் ஓக்லஹோமாவில் சாஃபின் குழுவினர் வெளியிட்டது. பிள்ளையை அடித்ததற்காகக் குழந்தைகள் நலத் துறையிடம் சிக்கிய 110 பெற்றோர். இரண்டு வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்ததில், வழக்கமான பெற்றோர் குழு வகுப்புக்குப் போனவர்களில் 49 சதவீதம் பேர் மேல் அடித்ததாக மறுபடி புகார் வந்தது, பிசிஐடி செய்தவர்களில் 19 சதவீதம். நாற்காலி அங்கே அடிக்கு மாற்றாக இருந்தது. கையை ஓங்கத் தோன்றும் நொடியில் அடுத்த வரி என்ன என்று அந்தப் பெற்றோருக்குத் தெரிந்திருந்தது.

இதன் பலவீனத்தையும் சொல்கிறேன். பாதியில் நிற்பவர்கள் அதிகம். தொடங்குகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேற்பட்டவர்கள் வரை முடிக்காமல் போகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் கட்டம் முடிந்து பிள்ளை கொஞ்சம் அடங்கியதும் நின்றுவிடுவார்கள், மூன்று மாதத்தில் பழையபடி போன் வரும்.

வேம்படி

அந்த எண்களை ஏற்றுக்கொள்கிறேன். பயத்தால் கடிக்கிற பிள்ளைக்கு நாற்காலி சரி என்று இன்னும் நம்பவில்லை. முதல் கட்டம் மட்டும் என்றால் எல்லா வீட்டிலும் வேண்டும்.

நிலாமுற்றம் (நியூ ஜெர்சி)

எல்லாருக்கும் நன்றி. நேத்து சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன், அஞ்சு நிமிஷத்துல 29 கேள்வி கேட்டிருக்கேன். வகுப்புக்குப் பேர் குடுத்துட்டேன். ஒரே ஒரு கவலை. அடுத்த மாசம் மாமியார் ஆறு மாசத்துக்கு வர்றாங்க. அவன் நாற்காலியில அழுதா தூக்கிட்டுப் போயிடுவாங்க.

மல்லிகைப்பந்தல் (டெக்சாஸ்)

எங்க அம்மா அப்படித்தான் செஞ்சாங்க. மூணாவது வாரம் அவங்களையும் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கோச் பக்கத்துல உட்கார வெச்சோம். அப்புறம் அவங்க காதுலயும் இயர்பீஸ் மாட்டி அஞ்சு நிமிஷம் பேத்தியோட விளையாட விட்டாங்க, நான் கோச்சுக்கும் அம்மாவுக்கும் மொழிபெயர்த்தேன். ரெண்டாம் கட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க. நாற்காலி வந்தப்புறம் கூட்டிட்டுப் போனா அவங்க கண்ணுக்கு அழுகை மட்டும்தான் தெரியும்.