கிளினிக் ரொக்க வரவுக்கு ஐடி நோட்டீஸ்: அப்பாயின்ட்மென்ட் நோட்டை அப்படியே அனுப்பலாமா?

தாராவி டாக்டர்:
மும்பை தாராவியில் சின்ன கிளினிக் வெச்சிருக்கேன். வருமான வரித்துறையிலிருந்து 142(1) நோட்டீஸ் வந்திருக்கு. சேமிப்புக் கணக்கில் ஒரே வருஷத்தில் 11.4 லட்சம் ரொக்கமா கட்டியிருக்கீங்க, பணம் ஏதுன்னு கேட்கிறாங்க. ரிட்டர்ன்ல 44ஏடிஏ பிரிவுப்படி 18 லட்சம் வரவு காட்டி, பாதியை வருமானமாப் போட்டிருக்கேன். ஃபீஸ் 250 ரூபாய். அப்பாயின்ட்மென்ட் நோட்டு முழுசா இருக்கு. ஸ்கேன் பண்ணி ஏத்திடவா?

மாட்டுங்கா மணி:
44ஏடிஏ போட்டா கணக்குப் புத்தகமே வேண்டாம் சார். அதையே ரெண்டு வரியில எழுதிப் போட்டுடுங்க.

பேக்கரிக்காரன்:
பெங்களூருல 2025 ஜூலையில யூபிஐ வரவை வெச்சு கடைக்காரங்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்துச்சே, எனக்கும் வந்தது. நீங்களும் ரொக்கத்துக்கு மாறிடுங்க டாக்டர்!

ஆடிட்டர் அக்கா:
தம்பி, அது ஜி.எஸ்.டி. டாக்டர் பார்க்கிற வைத்தியத்துக்கு அந்த வரியே கிடையாது. இங்கே பிரச்சினையே ரொக்கம்தான். சேமிப்புக் கணக்கில் வருஷத்துக்கு 10 லட்சம் ரொக்கம் தொட்டாலே வங்கி வருமான வரித்துறைக்குச் சொல்லிடும்.

மணி சொன்னது பாதி சரி. செலவுக்குப் புத்தகம் கேட்க மாட்டாங்க. ஆனா கட்டின பணம் ஃபீஸ்தான்னு காட்ட வேண்டியது உங்க பொறுப்பு. காட்டலேன்னா ஸ்லாபெல்லாம் பார்க்காம தனி உயர் விகிதத்தில் வரி போடுவாங்க.

டாக்டர், நோட்டை மட்டும் அனுப்பாதீங்க. அதில் வராதவங்க பேரும், ஃபீஸ் இல்லாம மறுபடி காட்ட வந்தவங்க பேரும் இருக்குமே? அதிகாரி பேரை எண்ணி 250-ஆல் பெருக்குவார். ஒரு மாசக் கணக்கு குடுங்க.

தாராவி டாக்டர்:
ஒரு மாசம் 780 பேர் பதிவு. 60 பேர் வரலை, 120 பேர் இலவசம். 160 பேர் யூபிஐ.

ஆடிட்டர் அக்கா:
பெருக்கினா 1,95,000. நிஜத்தில் ஃபீஸ் குடுத்தது 600 பேர், 1,50,000. மாசம் 45,000, வருஷத்துக்கு 5.4 லட்சம் மறைச்சதா நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

அதனால ஒவ்வொரு பேருக்கும் எதிரே ‘வரலை’, ‘இலவசம்’, ‘யூபிஐ’, ‘ரொக்கம்’னு தனித் தாளில் பிரிங்க. பழைய நோட்டில் இப்போ எதையும் எழுதாதீங்க, ஒரே பேனா மை காட்டிக் குடுத்துடும். யூபிஐ 40,000 வங்கி ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப்போகணும். மிச்சம் ரொக்கம் 1,10,000. ஆரம்பக் கையிருப்பு 6,000-ஐக் கூட்டி, கம்பவுண்டர் சம்பளம் மாதிரி கையில் குடுத்த 14,000-ஐயும் வங்கியில் கட்டின 95,000-ஐயும் கழிச்சா 7,000 மிஞ்சணும். இதைத் தேதிவாரியாப் போடுங்க. எந்த நாளாவது கையிருப்பு மைனஸுக்குப் போனா, அன்னிக்குக் கட்டின பணம் வேற எங்கிருந்தோ வந்ததுன்னு அர்த்தம். அதிகாரி முதல்ல தேடுறது அந்த நாளைத்தான்.

நோயாளியோட வியாதி விவரத்தை மறைச்சுட்டு ஏத்துங்க. பேர், தேதி, ஃபீஸ் போதும். அவகாசம் வேணும்னா கெடு முடியறதுக்கு முன்னாடியே வருமான வரி இணையதளத்தோட e-Proceedings பக்கத்தில் கேட்டுடுங்க.

தாராவி டாக்டர்:
நன்றி மேடம். இலவசமா பார்த்தவங்களுக்கு ஆதாரம் என்ன காட்டுறது?

ஆடிட்டர் அக்கா:
முதல் தடவை வந்த தேதியைப் பக்கத்தில் குறிச்சு, அன்னிக்குக் குடுத்த ஃபீஸைக் காட்டுங்க. ஒரு வாரத்துக்குள்ள திரும்பி வந்திருந்தா பெரும்பாலும் ஏத்துக்குவாங்க. எல்லா அதிகாரியும் ஏத்துக்குவாங்கன்னு சொல்ல முடியாது.

மாட்டுங்கா மணி:
யூபிஐ க்யூஆர் யார் பேர்ல சார்?

தாராவி டாக்டர்:
பாதி வருஷம் மனைவி பேர்ல இருந்தது...

ஆடிட்டர் அக்கா:
அப்போ அவங்க ஸ்டேட்மென்ட்டையும், அவங்க ரிட்டர்ன்ல அது எப்படிக் காட்டியிருக்குன்னும் பார்க்கணும். பார்க்காம ஒண்ணும் ஏத்தாதீங்க.