கலைச்சொல்: ‘அனைகானிசம்’ – உருவத் தடையா, உருவத் தவிர்ப்பா?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கலை வரலாறு படிக்கும் மாணவர்களுக்காக ஒரு சொல்லடைவு தொகுத்துக்கொண்டிருக்கிறோம். இஸ்லாமியக் கலைப் பகுதியில் ‘அனைகானிசம்’ என்ற சொல்லில் வேலை நின்றுவிட்டது. ஆட்களையும் விலங்குகளையும் வரையாமலும் செதுக்காமலும் விடுகிற வழக்கத்துக்கான பெயர் அது. இதுவரை உருவ மறுப்பு, உருவத் தடை, உருவ எதிர்ப்பு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. எது பொருந்தும்? அந்த வெற்றிடத்தை நிரப்பிய எழுத்துக்கலை, வடிவியல் அலங்காரம் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பொதுச்சொல் கிடைத்தாலும் நல்லது.

அன்புடன்,
செல்வி

*

இராமலிங்கம் எழுதியது:

அம்மா, ‘உருவத் தடை’ போதும். குர்ஆன் படம் வரைவதைத் தடை செய்தது, கலைஞர்களுக்கு வேறு வழியில்லாமல் எழுத்தையும் கணக்கையும் பிடித்துக்கொண்டார்கள். சொல்லில் அந்தக் காரணம் தெரிய வேண்டும். பொதுச்சொல்லுக்கு ‘அருவக்கலை’ என்று வைக்கலாம். உருவம் இல்லாதது அருவம், சுருக்கமாகவும் இருக்கிறது.

*

ஜமால் எழுதியது:

> குர்ஆன் படம் வரைவதைத் தடை செய்தது

ஐயா, குர்ஆனில் அப்படி ஒரு நேரடி வசனம் இல்லை. அது கண்டிப்பது சிலை வணக்கத்தை. சுலைமான் நபிக்காக ஜின்கள் உருவச் சிலைகள் செய்ததைச் சொல்லும் வசனம்கூட இருக்கிறது (34:13), அந்த இடத்தில் கண்டனம் எதுவும் வரவில்லை. உருவம் சமைப்பவரைக் கண்டிப்பவை நபிமொழிகளான ஹதீஸ்கள். ‘நீ படைத்ததற்கு உயிர் கொடு’ என்று மறுமை நாளில் அவரிடம் சொல்லப்படும் என்று வருவது அவற்றில்தான். கண்டிப்பு கடுமையானதுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது கல்லிலும் சுவரிலும் எப்படி நடைமுறைக்கு வந்தது என்று பார்த்த பிறகு சொல்லை முடிவு செய்யலாம்.

ஜோர்டானில் அம்மானுக்குத் தெற்கே முஷத்தா என்று ஓர் அரண்மனை. கலீஃபாக்களாக ஆண்ட உமய்யாக்கள் காலத்தில், 743–744 வாக்கில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்டது. அதன் முகப்புச் சுவரின் பெரும்பகுதி இப்போது பெர்லினில் இருக்கிறது. சுவர் நெடுகப் பெரிய பெரிய முக்கோணங்கள், அவற்றுக்குள் திராட்சைக் கொடி. வாசலுக்கு இடப்பக்கம் கொடிகளுக்கிடையே சிங்கமும் பறவையும், கிண்ணத்தில் நீர் குடிக்கும் மிருகங்களும் இருக்கின்றன. வலப்பக்கம் போனால் கொடி மட்டும்தான், ஓர் உயிரினமும் இல்லை. கல் அதே கல், கட்டடமும் காலமும் அதேதான். அந்த வலப்பக்கச் சுவருக்குப் பின்னால்தான் பள்ளிவாசல் இருந்தது. தொழுகையாளர் முகம் திருப்பி நிற்கும் கிப்லாச் சுவரின் மறுபுறம் அது. வித்தியாசத்துக்கு அறிஞர்கள் பொதுவாகச் சொல்லும் காரணம் இதுவே.

அதே ஆட்சியாளர்களின் குஸைர் அம்ரா குளியல் மாளிகையில் சுவர் முழுக்க ஆட்கள். டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் மொசைக்கில் ஆறும் மரமும் மாளிகையும் உண்டு, ஆள் இல்லை. அதாவது இடம் பார்த்து விட்டிருக்கிறார்கள். அதனால் ‘தடை’யும் ‘எதிர்ப்பு’ம் எனக்கு ஒப்பவில்லை, ‘தவிர்ப்பு’தான் நெருங்கி வருகிறது. இருக்கிற உருவத்தை உடைப்பது வேறு சங்கதி, அதற்கு ‘உருவ அழிப்பு’ என்று தனிச்சொல் வேண்டும்.

‘வேறு வழியில்லாமல் எழுத்துக்குப் போனார்கள்’ என்பதையும் ஏற்க முடியவில்லை. கலீஃபா அப்துல் மலிக்கின் பொற்காசுகளைப் பாருங்கள். முதலில் பைசாந்தியக் காசை ஒட்டி, வாளோடு நிற்கும் கலீஃபாவின் உருவத்தைத்தான் பொறித்தார். ஹிஜ்ரி 77-இல், அதாவது 696–697-இல், உருவத்தை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் எழுத்தை மட்டும் வைத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியன் தன் காசில் கிறிஸ்துவின் முகத்தைப் பொறித்திருந்தார். அப்துல் மலிக்கின் புதிய காசில் இறைவனைப் பற்றி இருக்கும் வாசகம் ‘அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை’. இந்த ‘இல்லை’யை ஓவியமாக எப்படி வரைவீர்கள்? வரைந்தால் எதையாவது இருப்பதாகத்தான் காட்ட முடியும். சொல்ல வந்த செய்திக்கு எழுத்துதான் சரியான கருவி என்று தெரிந்தே எடுத்திருக்கிறார்கள். அப்புறம், அது குர்ஆன் வாசகம், அவர்கள் நம்பிக்கையில் இறைவனின் சொல். அதை எழுதுவதே வணக்கத்தில் சேரும்.

*

நிஷா எழுதியது:

செல்வி அக்கா, வடிவியல் அலங்காரத்துக்குச் சொல் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். எனக்கும் அதிலேயே ஒரு சொல் தேவைப்படுகிறது. ஒரு பள்ளிவாசல் முகப்புக்குச் கணினி வழி இயங்கும் சிஎன்சி எந்திரத்தில் வெட்டும் ஜாலிப் பலகை, அதாவது துளைவேலைப் பலகை, வரைந்துகொடுத்தேன், பத்துமுனை நட்சத்திரம். பலகை அகலத்துக்குப் பொருந்தட்டும் என்று படத்தைப் பக்கவாட்டில் கொஞ்சம் இழுத்துவிட்டார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் ஒரு பட்டையை விரலால் தொடர்ந்து போனால் இரண்டு பலகை சேரும் இடத்தில் அது ஒடிந்து திரும்புகிறது. முழுதும் மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று.

பிறகுதான் முறையாகக் கற்றுக்கொண்டேன். நட்சத்திரத்தை முதலில் வரையக் கூடாது. பத்துகோணம், ஐங்கோணம், நடுவில் இடுங்கிய வில்முடிச்சு போன்ற ஓர் அறுகோணம் என்று எல்லாப் பக்கமும் ஒரே நீளமுள்ள துண்டுகளால் தளத்தை இடைவெளி இல்லாமல் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியிலும் இரண்டு கோடுகள் குறுக்கே போகும், ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்தோடு 54 பாகையில் சாயும். அடுத்த துண்டிலும் அதே விதி. அதனால் கோடு எல்லையைத் தாண்டும்போது வளையாமல் நேராக ஓடும். கடைசியில் துண்டுகளை அழித்துவிட்டால் நட்சத்திரங்கள் தாமாக நிற்கும். பலகையை வெட்டுவதும் நட்சத்திர மையம் வழியாகப் போகும் சமச்சீர்க் கோட்டில்தான் இருக்க வேண்டும், அகலத்துக்கு ஏற்ப அலகின் அளவை மாற்றலாம், இழுக்கக் கூடாது. நம் புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் கடைசிவரை கண்ணில் படும், இங்கே ஆதாரமே மறைந்துவிடுகிறது. மறையும் அந்தத் துண்டு அமைப்பை என்ன சொல்லலாம்? ‘மறைகட்டம்’?

*

ஜமால் எழுதியது:

‘மறைகட்டம்’ நன்றாக இருக்கிறது தங்கச்சி. இஸ்தான்புல்லில் தோப்காபி அரண்மனை நூலகத்தில் இப்படிப்பட்ட வடிவங்களின் நீண்ட சுருள் ஒன்று இருக்கிறது, 114 வரைபடங்கள். அதில் ஆதாரக் கோடுகளை மையில்லாமல் கூர்முனையால் கீறியே வைத்திருக்கிறார்கள், சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஆகவே மறைகட்டம் என்பது தொழிலுக்கும் பொருந்துகிறது.

எழுத்திலும் இதே மாதிரி மறைந்து நிற்கும் அளவு உண்டு. 10-ஆம் நூற்றாண்டு பாக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் முறை அது. நாணல் பேனாவை ஒருமுறை சாய்த்து அழுத்தினால் ஒரு சாய்சதுரப் புள்ளி விழும், நுக்தா. நேர்கோடாக நிற்கும் முதல் எழுத்தான அலிஃப் எத்தனை நுக்தா உயரம் என்று எழுத்துவகைக்கு ஏற்ப முடிவு செய்துவிட்டு, அந்த அலிஃபை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம். ‘ரா’ அதில் கால்பங்கு, ‘நூன்’ அரைவட்டம் என்று மற்ற எழுத்துகள் அதிலிருந்து அளவு எடுக்கும். பழகும்போது ஆசிரியர் எழுத்தின் பக்கத்தில் புள்ளி வைத்துக் காட்டித் திருத்துவார், பேனா மாறினால் புள்ளியும் மாறும், விகிதம் மாறாது. இதை வெறுமனே ‘அழகெழுத்து’ என்றால் இந்த ஒழுங்கு விட்டுப்போகிறது. கலைக்குப் பொதுவாக ‘வனப்பெழுத்து’, இந்த முறைக்கு ‘அளவெழுத்து’ என்பது என் பரிந்துரை. இரண்டு கலைக்கும் சேர்த்து ஒரே சொல் வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரே சுவரில் இருந்தாலும் ஒன்று படிக்கப்படுகிறது, மற்றது படிக்கப்படுவதில்லை.

*

அப்துல் காதர், கீழக்கரை:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இராமலிங்கம் ஐயா சொன்ன ‘அருவக்கலை’யில் எனக்குச் சங்கடம். நாங்கள் இறைவனைத்தான் உருவமில்லாதவன் என்போம். சைவர்களும் அருவம், உருவம், அருவுருவம் என்று இறைநிலையைத்தான் பேசுகிறார்கள். பூவும் கொடியும் செதுக்கிய தூணை அருவம் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் ஊர்க் கல்லுப்பள்ளியை வந்து பாருங்கள். தூண், போதிகை, உத்தரம் எல்லாம் கோயில் மண்டபத்தின் அதே வேலைப்பாடு. கோயிலில் தெய்வமோ யாளியோ நிற்கும் இடத்தில் இங்கே பூவும் வடிவமும் மட்டும் இருக்கும். கல்தச்சர்கள் தங்கள் கலையை மாற்றவில்லை, ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். ‘தவிர்ப்பு’ என்பதற்கு என் வாக்கு.

*

செல்வி எழுதியது:

‘உருவத் தவிர்ப்பு’ என்று குறித்துக்கொண்டேன். ஆனால் ஒரு சிக்கல். பள்ளிப் பாடநூலில் முக்கோணமும் வட்டமும் ‘வடிவியல் உருவங்கள்’. மாணவர் ‘உருவத் தவிர்ப்பு’ என்று படித்துவிட்டு அடுத்த பக்கத்தில் நட்சத்திரத்தைப் பார்த்தால் குழம்புவாரே?

*

ஜமால் எழுதியது:

நியாயமான கேள்வி. ஹதீஸிலேயே விடை இருக்கிறது. படம் வரைந்து பிழைக்கும் ஒருவர் நபித்தோழர் இப்னு அப்பாஸிடம் வந்து கேட்கிறார். அவர் கண்டிப்பைச் சொல்லிவிட்டு, வரைந்தே ஆக வேண்டுமென்றால் மரத்தையும் ரூஹ் என்னும் ஆன்மா இல்லாதவற்றையும் வரை என்கிறார். ஆக எல்லை ‘உருவம்’ அன்று, உயிருள்ளதன் உருவம். ‘உயிருரு’ என்று ஒரு சொல் ஆக்கி, ‘உயிருருத் தவிர்ப்பு’ என்று சொல்லலாம். டமாஸ்கஸ் மொசைக்கில் மரம் இருப்பதும் முஷத்தாவின் வலப்பக்கம் கொடி இருப்பதும் இந்தச் சொல்லோடு ஒத்துப்போகின்றன.

*

இராமலிங்கம் எழுதியது:

ஜமால் அவர்களுக்கு நன்றி, ‘தடை’யை நான் வலியுறுத்தவில்லை. ஆனால் ‘உயிருரு’வில் ஒரு முட்டு. தமிழில் மரமும் உயிர்தான். தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிரில் வைக்கிறது. ‘உயிருருத் தவிர்ப்பு’ என்று படிக்கும் தமிழ் மாணவர் மரத்தையும் விட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். இப்னு அப்பாஸ் இழுத்த கோடு ‘உயிர்’ என்ற நம் சொல்லில் விழவில்லை.

*

அப்துல் காதர், கீழக்கரை:

ஐயா சொல்வது சரிதான். எங்கள் வீட்டுப் பேச்சில் ‘ரூஹ்’ என்றே சொல்வோம், அது பிற வாசகருக்குப் போய்ச் சேராது. ‘மூச்சுரு’ என்றால்? ‘உயிர் ஊதச் சொல்லப்படும்’ என்ற ஹதீஸுக்கும் அது அணுக்கம்.

*

ஜமால் எழுதியது:

‘மூச்சுரு’ பொருளில் நெருக்கம், காதுக்குப் பழகவில்லை. ‘ஆள்விலங்குரு’ தெளிவு, ஆனால் நீளம். ‘உயிருரு’வை வைத்து விளக்கத்தில் ‘தாவரம் நீங்கலாக’ என்று போடலாம் என்றே இன்னும் நினைக்கிறேன்.

*

செல்வி எழுதியது:

இந்தச் சுற்றில் மறைகட்டம், வனப்பெழுத்து, அளவெழுத்து, உருவ அழிப்பு நான்கையும் சேர்த்துவிட்டேன். பொதுச்சொல் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். ‘தவிர்ப்பு’ உறுதி. அதன் முன்னால் உயிருருவா, மூச்சுருவா என்பதை இரண்டு வகுப்புகளில் முஷத்தா படத்தோடு கொடுத்துப் பார்க்கிறேன். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டுக்கும் மாணவர்கள் எந்தச் சொல்லைச் சரியாகப் பொருத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன். நிஷா, உங்கள் ஜாலிப் பலகையின் மறைகட்டத்தோடு கூடிய வரைபடம் ஒன்று அனுப்ப முடியுமா?