பிராஸ்பெரோவில் பதிந்த பிறகு முறையை மாற்றிவிட்டோம், கட்டுரையில் எப்படி எழுதுவது?

பிசியோ_முதுகலை
வணக்கம். மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலி வந்தவர்களுக்கு உடற்பயிற்சி எவ்வளவு உதவுகிறது என்று ஒரு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்கிறோம். தேடலுக்கு முன்பே, ரிவ்யூ திட்டங்களைப் பதியும் பிராஸ்பெரோ தளத்தில் பதிந்தோம். முதன்மை விளைவாக 12ஆம் வாரத்து வோமாக் வலி மதிப்பெண்ணைக் குறித்திருந்தோம். தேர்வான 14 ஆய்வுகளில் 5 மட்டுமே அதைத் தருகின்றன. மற்ற ஒன்பதில் ஆறு விஏஎஸ் கோட்டிலும் மூன்று கூஸ் வினாத்தாளிலும் வலியை அளந்திருக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து, தரப்படுத்திய சராசரி வேறுபாடாகக் கணக்கிட்டோம். எம்பேஸ் தரவுத்தளத்தில் தேடுவோம் என்றும் எழுதியிருந்தோம். கல்லூரியில் சந்தா இல்லாததால் தேடவில்லை.

பதிவைத் திறந்து, முதலிலிருந்தே இப்படித்தான் திட்டமிட்டோம் என்பதுபோல மாற்றிவிடலாம் என்கிறார் உடன் ஆய்வாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மருந்தியல்_ரவுண்ட்
பதிவைத் திருத்தலாம், அனுமதி உண்டு. திருத்திவிட்டால் வேலை முடிந்தது, கட்டுரையில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய பதிப்பு அங்கேயே தெரியும்.

புள்ளியியல்_அண்ணா
பழைய பதிப்பு தேதியோடு தெரியும் என்பது சரி. உங்கள் நண்பர் நினைப்பதுபோல மறைக்க முடியாததற்கும் அதுதான் காரணம். யாராவது இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஆனால் கட்டுரையில் சொல்ல வேண்டாம் என்பது தவறு. பதிவிலோ நெறிமுறையிலோ எழுதியதிலிருந்து எது மாறியது, ஏன் மாறியது என்று விளக்கும்படி பிரிஸ்மா 2020 பட்டியலின் 24சி கேட்கிறது.

தம்பி, ஒன்றை மட்டும் நேராகச் சொல்லுங்கள். எல்லா அளவுகோலையும் சேர்ப்பது என்று எப்போது முடிவெடுத்தீர்கள்? முடிவு எண்களைப் பார்ப்பதற்கு முன்பா, பின்பா?

பிசியோ_முதுகலை
பின்புதான், அண்ணா. அந்த 5 ஆய்வுகளை வைத்து ஃபாரஸ்ட் பிளாட் போட்டோம். கீழே இருக்கும் வைரத்தின் முனை பூஜ்யக் கோட்டைத் தாண்டி நின்றது, அதாவது பலன் உறுதிப்படவில்லை. அப்புறம்தான் மற்ற அளவுகோல்களையும் சேர்க்கலாம் என்று பேசினோம்.

புள்ளியியல்_அண்ணா
சொன்னது நல்லது. எம்பேஸ் விடுபட்டது தேடலின் குறை, அதை ஒரு வரியில் காரணத்தோடு எழுதி, வரம்புகளிலும் சேருங்கள். இது அப்படியல்ல. முடிவைப் பார்த்த பிறகு பகுப்பாய்வை மாற்றியிருக்கிறீர்கள், ஆகவே எப்போது மாற்றினீர்கள் என்பதை வாசகர் அறிய வேண்டும். முதலில் திட்டமிட்டபடி 5 ஆய்வுகளின் முடிவைக் கொடுங்கள். அதன் கீழே 14 ஆய்வுகளின் முடிவைக் கூடுதல் பகுப்பாய்வாகக் கொடுங்கள். முறைகள் பகுதியில் இப்படி ஒரு பத்தி போதும்:

"பதிவில் முதன்மை விளைவாக 12ஆம் வார வோமாக் வலியைக் குறித்திருந்தோம். 14இல் 5 ஆய்வுகளே அதைத் தந்தன. அந்த ஐந்தின் முடிவைப் பார்த்த பிறகு, பிற வலி அளவுகோல்களையும் சேர்க்கும் கூடுதல் பகுப்பாய்வைச் செய்ய முடிவெடுத்தோம். இரண்டும் கீழே உள்ளன."

இன்னொன்று. வோமாக், விஏஎஸ் இரண்டிலும் எண் ஏறினால் வலி அதிகம். கூஸில் 100 என்றால் தொந்தரவே இல்லை. சேர்ப்பதற்கு முன் கூஸ் சராசரிகளின் குறியை மாற்றினீர்களா?

நர்சிங்_ஆய்வு
எனக்கும் இதே பிரச்சினை. என்னுடையது ஸ்கோப்பிங் ரிவ்யூ. பிராஸ்பெரோ ஏற்கவில்லை. இப்போது பதிவே இல்லாமல் எழுதலாமா?

புள்ளியியல்_அண்ணா
அது வேறு விஷயம்மா. ஸ்கோப்பிங் ரிவ்யூவை அங்கே எடுப்பதில்லை. ஓஎஸ்எஃப் தளத்தில் நெறிமுறையைப் பதியலாம்.

கோக்ரேன்_வாசகி
ஐந்து ஆய்வுகளை முதன்மையாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே வினாத்தாளை மட்டும் முதன்மை என்று குறித்ததே திட்டத்தின் பிழை. வலி என்று பொதுவாக எழுதி, ஓர் ஆய்வில் பல அளவுகோல் இருந்தால் எதை முதலில் எடுப்போம் என்று வரிசை கொடுத்திருக்க வேண்டும். பிழையான திட்டத்தையே பிடித்துக்கொண்டு 9 ஆய்வுகளைக் கீழே தள்ளினால் நோயாளிக்கு என்ன பயன்? 14ஐயும் முதன்மையாக வைத்து, மாற்றத்தை வெளிப்படையாகச் சொல்லலாம்.

புள்ளியியல்_அண்ணா
வரிசை கொடுத்திருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வைரம் கோட்டைத் தாண்டியதைப் பார்க்காமல் மாற்றியிருந்தால் நானும் உங்களோடு நின்றிருப்பேன். பார்த்துவிட்டார்களே.

பிசியோ_முதுகலை
கூஸ் எண்களைத் திரும்பப் பார்த்தேன். மூன்றில் ஒன்றின் குறியை மாற்றாமல் விட்டிருந்தோம். உடற்பயிற்சிக் குழுவுக்கு நன்மை கிடைத்த அந்த ஆய்வு, பிளாட்டில் தீமைப் பக்கம் போய் நின்றது. மாற்றி மறுபடி ஓட்டுகிறேன்.

பிராஸ்பெரோவில் இன்றைய தேதியில் திருத்தம் சேர்த்து, முடிவைப் பார்த்த பிறகு மாற்றியது என்றே காரணத்தில் எழுதிவிட்டேன். உடன் ஆய்வாளரும் சம்மதித்தார். எதை முதலில் வைப்பது என்று கைடிடம் இரண்டு வரைவையும் காட்டப்போகிறேன். எம்பேஸ் சந்தா உள்ள வேறு கல்லூரியில் ஒரு தோழி இருக்கிறாள். அவள் வழியாக இப்போது தேடினால், அதையும் தாமதமான தேடல் என்று தேதியோடு எழுத வேண்டுமா?

கோக்ரேன்_வாசகி
ஆமாம், தேடிய தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். புதிதாக ஆய்வு கிடைத்தால் 14 என்ற எண்ணும் மாறும், ஓட்ட வரைபடத்தையும் திருத்த வேண்டும்.