நீலம் தீர்ந்த வாரம் பச்சை ஓடுது: மாற்றுச் சரக்கும் ஆர்டர் கணக்கும்

ரேக் ஓரம்

ஒரு சரக்கு தீர்ந்ததும் பக்கத்தில் இருக்கும் வேறொன்றை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பில்லில் ஏறுவது எடுத்துப்போனது மட்டும்தான், கேட்டது எங்கேயும் பதிவாவதில்லை. அடுத்த ஆர்டர் அந்த பில்லை வைத்தே போகிறது. இதைக் கணக்கில் எப்படிப் பிடிக்கிறீர்கள், எந்த இடத்தில் சறுக்கும்? தெரிந்தவர்கள் எண்களோடு எழுதுங்கள். "ஸ்டாக் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை

துணி துவைக்கும் பவுடர் ஒரு கிலோவில் இரண்டு கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம், நீலப் பாக்கெட், பச்சைப் பாக்கெட். நீலம் நாளுக்கு 10, பச்சை 6 போகும். அதாவது வாரத்துக்கு 70, 42. ஒரு வாரம் லோடு வராமல் நீலம் புதன் இரவோடு தீர்ந்தது. பச்சை குடோனில் தாராளமாக இருக்கிறது.

வியாழன் முதல் ஞாயிறு வரை நீலம் கேட்டு வந்திருக்க வேண்டியது 40. அதில் பாதிப் பேர் பச்சையை எடுத்தார்கள், மீதிப் பேர் வெறும் கையோடு போனார்கள். வாரக் கடைசியில் அறிக்கையில் நீலம் 30, பச்சை 62. அறிக்கையை மட்டும் பார்ப்பவர் "நீலம் படுத்துவிட்டது, பச்சை பிடித்துவிட்டது" என்றுதான் சொல்வார்.

கடைசி நான்கு வார சராசரியை வைத்து ஆர்டர் போடும் கடையில் அடுத்து நடப்பதைப் பாருங்கள். நீலத்துக்கு 70, 70, 70, 30 என்றால் சராசரி 60. பச்சைக்கு 42, 42, 42, 62 என்றால் 47. அறுபது நீலம் சனிக்கிழமையோடு தீரும். ஞாயிறு வந்த பத்துப் பேரில் ஐந்து பேர் பச்சைக்குப் போவார்கள், பச்சை சரியாக 47 விற்கும். "பார்த்தாயா, கணிப்பு துல்லியம்" என்று சிஸ்டம் தன்னையே மெச்சிக்கொள்ளும். அடுத்தடுத்த வாரங்களில் நீல ஆர்டர் 58, 55, 51 என்று இறங்கும். அந்த 30 நான்கு வாரக் கணக்கிலிருந்து விழுந்ததும் 56-க்கு ஏறும், ஆனால் 60-ஐத் தாண்டாது. தாண்டவும் முடியாது: இருந்ததற்கு மேல் விற்க முடியாது, விற்றதற்கு மேல் சராசரி வராது. லோடு தாமதமானது ஒரே ஒரு வாரம்தான், ஆனால் யாராவது கையால் திருத்தும்வரை எழுபது திரும்பாது.

மாலை ஷிஃப்ட்

இதுக்கு இவ்வளவு யோசிக்கணுமா சார்? பச்சையில கூடுதலா போன 20-ஐ எடுத்து நீலத்துல சேர்த்துட்டா முடிஞ்சுது. நாங்க அப்படித்தான் செய்றோம்.

கணக்குப்பிள்ளை

பச்சையிலிருந்து 20-ஐக் கழிக்கிறீர்களே, அந்தப் பாதி சரி. நீலத்தில் சேர்ப்பதுதான் குறைகிறது. 30-உம் 20-உம் சேர்ந்தால் 50. வெறும் கையோடு போன 20 எந்த பில்லிலும் இல்லை, அதை எங்கிருந்து சேர்ப்பீர்கள்? க்ரூயென், கார்ஸ்டன், பரத்வாஜ் மூவரும் 2002-ல் பல நாட்டுக் கடைகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், கேட்டது இல்லாதபோது வேறு கடைக்குப் போனவர்கள் 31%, வேறு பிராண்டு எடுத்தவர்கள் 26%, அதே பிராண்டில் வேறு அளவோ வகையோ எடுத்தவர்கள் 19%, பிறகு வாங்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் 15%, வாங்காமலே விட்டவர்கள் 9%. மாற்று எடுத்தவர்கள் மொத்தம் 45%. அதிலும் எல்லோரும் ஒரே மாற்றுக்குப் போவதில்லை. ஆகவே மாற்று விற்பனையை மட்டும் வைத்து உண்மையான கேட்பைத் தேடினால் பாதிக்குக் கீழேதான் கையில் கிடைக்கும்.

சரக்கு இருந்த நாட்களை மட்டும் எடுத்துச் சராசரி போடுவதே மேல். திங்கள் முதல் புதன் வரை நீலம் 30, மூன்று நாள், நாளுக்கு 10, வாரத்துக்கு 70. பச்சைக்கும் அதே மூன்று நாள்தான்: 18, நாளுக்கு 6. இரண்டும் ரேக்கில் இருந்த நாட்களை மட்டும் எடுப்பது முக்கியம். பச்சை தீர்ந்த நாளில் நீலமும் இதே மாதிரி பொய்யாக ஊதும்.

விரிதாளில் B நீல விற்பனை, C பச்சை விற்பனை, D-யும் E-யும் அந்தந்தச் சரக்கு அன்று முழு நாளும் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 28 நாளுக்கு:

```
=AVERAGEIFS(B2:B29,D2:D29,1,E2:E29,1)
=AVERAGEIFS(C2:C29,D2:D29,1,E2:E29,1)
```

காலையில் 11 மணிக்கே தீர்ந்த நாளுக்கு 0 போடுங்கள். நாலு பாக்கெட் விற்றிருந்தாலும் அது முழு நாள் இல்லை.

ரேக் ஓரம்

ஒரு சந்தேகம். திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் மந்தமான நாட்கள். கூட்டமே சனி, ஞாயிறில்தான். அப்போது மூன்று நாள் சராசரியை ஏழால் பெருக்கினால் குறைச்சலாகத்தானே வரும்?

கணக்குப்பிள்ளை

வரும், உண்மை. நான் எல்லா நாளும் சமம் என்று வைத்தது கணக்கு எளிதாக இருக்கத்தான். நாளுக்கு நாள் வித்தியாசம் இருந்தால், சரக்கு குறையாமல் இருந்த பழைய வாரங்களில் திங்கள்-புதன் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். 36% என்றால் 30-ஐ 0.36-ஆல் வகுக்க வேண்டும், 83 வரும். எழுபதுக்கும் எண்பத்துமூன்றுக்கும் இடைவெளி சின்னது இல்லை. மேலே உள்ள சூத்திரத்தில் இது கிடையாது, கிழமைவாரியாகத் தனித்தனியே போட வேண்டும்.

பில் கவுண்டர்

நீங்க எல்லாரும் ஸ்டாக் எண்ணிக்கை சரின்னு வெச்சுப் பேசுறீங்க. அதுவே பொய்யா இருந்தா? கம்ப்யூட்டர்ல நீலம் 4 இருக்குன்னு காட்டும், ரேக்குல ஒண்ணும் இருக்காது. கிழிஞ்சது, காணாமப் போனது, வேற ரேக்குல மாட்டினது, எல்லாம் சேர்ந்துதான் அந்த நாலு. அந்த நாளுக்கு உங்க D-ல 1 விழும், விற்பனை 0. சராசரியைச் சரி பண்ணப் போய் இன்னும் கீழ இழுத்துடும்.

இன்னொண்ணு, கவுண்டர்லயே நடக்குறது. ரெண்டுக்கும் விலை ஒண்ணா இருந்தா, கூட்டத்துல நீலத்தோட பார்கோடை ஒரு தடவை அடிச்சு "ஆறு"ன்னு போட்டுடுவாங்க. கையில போறது நாலு நீலம், ரெண்டு பச்சை. நீலம் கணக்குல மைனஸுக்குப் போகும், பச்சை இல்லாத சரக்கு இருக்கிற மாதிரி நிக்கும். ஒரே குடும்பத்துல ஒண்ணு மைனஸ், இன்னொண்ணு அசையாம நிக்குதுன்னா முதல்ல பார்கோடு அடிக்கிற பழக்கத்தைப் பாருங்க. ஆர்டர் கணக்கைத் திருத்துறதெல்லாம் அப்புறம்.

கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பொய் ஸ்டாக்கைப் பிடிக்க ஒரு வழி: நாளுக்கு 10 போகும் சரக்கு ஒரு முழு நாள் பூஜ்யம் விற்றால் அது தற்செயல் இல்லை, உடனே ரேக்கைப் போய்ப் பார்க்க வேண்டும். நாளுக்கு 3 போகும் சரக்கு தற்செயலாக பூஜ்யம் காட்ட சுமார் 5% வாய்ப்பு உண்டு. நாளுக்கு 1 போகும் சரக்கென்றால் சுமார் 37%, அதாவது மூன்று நாளில் ஒரு நாள் சும்மாவே பூஜ்யம் வரும். அதற்கு மூன்று நாள் தொடர்ந்து பூஜ்யம் வந்தால்தான் அதே 5% அளவுக்குச் சந்தேகப்படலாம். வாரத்துக்கு ஒன்று இரண்டு போகும் சரக்குக்கு இந்த வழியே உதவாது, கையால் எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லை.

குடோன் வாசல்

எங்களுக்கும் இதே பிரச்சினைதான். ஒரு கிலோ கேட்டு ஆர்டர் போட்டால் சப்ளையர் அரைக் கிலோவை இரட்டிப்பாக அனுப்பிவிடுகிறார். சரக்கு வரவு போடும்போது எந்தக் கோடில் ஏற்றுவது?

ரேக் ஓரம்

அண்ணா, நான் கேட்டது வாடிக்கையாளர் மாற்றிக்கொள்வதைப் பற்றி. சப்ளையர் மாற்றுவது வேறு கதை.

கணக்குப்பிள்ளை

வேறுதான், ஆனால் வந்து முட்டும் இடம் ஒன்று. வரவை அரைக் கிலோ கோடில்தான் ஏற்ற வேண்டும். ஒரு கிலோ கோடில் ஏற்றினால் ஸ்டாக்கும் கெடும், விற்பனையும் கெடும். சரியாக ஏற்றினாலும் அந்த வாரம் ஒரு கிலோ கேட்டவர் அரைக் கிலோ இரண்டு எடுப்பார். ஒருவர் மாறினால் அறிக்கையில் இரண்டு கூடும். அளவு மாறும் இடத்தில் பாக்கெட்டை எண்ணாமல் கிலோவில் பாருங்கள், இல்லாவிட்டால் அரைக் கிலோவுக்குத் திடீர் மவுசு வந்ததாகத் தோன்றும்.

வீட்டு டெலிவரி

ஆன்லைன் ஆர்டரில் கேட்டது எழுத்திலேயே இருக்கிறது, அதைத் தொலைக்காமல் இருந்தால் போதும். பெரும்பாலும் தொலைவது சரக்கு எடுக்கும் பையன் ஆர்டரில் நீல வரியை அழித்துவிட்டுப் பச்சையைப் போடும்போதுதான். வரியை அழிக்கவே விடக்கூடாது. கேட்ட கோடு, கொடுத்த கோடு, வாடிக்கையாளர் ஏற்றாரா திருப்பினாரா, மூன்றும் ஒரே வரியில் நிற்க வேண்டும். ஸ்டாக்கைக் கழிப்பது கொடுத்த கோடில், அடுத்த ஆர்டருக்கான கணக்கு கேட்ட கோடில்.

இதிலும் ஓட்டை உண்டு. ஸ்டாக் பூஜ்யமானதும் செயலியில் நீலம் மறைந்துவிட்டால் யாரும் அதைக் கேட்கவே முடியாது. கடை ரேக் மாதிரியே ஆகிவிடும். அந்த நேரத்துக்குத் தேடல் பதிவைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தேடியவர் எல்லாம் வாங்குபவர் இல்லை, அதை அப்படியே எண்ணிக்கையாக எடுத்துவிடாதீர்கள்.

மாலை ஷிஃப்ட்

சரி, சார் சொன்ன மாதிரி பச்சையை 42-க்கே இறக்கிட்டோம்னு வைங்க. நீலம் திரும்ப வந்த பிறகும் பச்சை 46, 47-னு போய்க்கிட்டே இருந்தா? எடுத்துப் பார்த்துப் பிடிச்சுப்போனவங்களும் இருப்பாங்கல்ல?

கணக்குப்பிள்ளை

இருப்பார்கள். அதை முன்கூட்டிச் சொல்ல இந்தக் கணக்கால் முடியாது. நீலம் முழுசாக ரேக்கில் இருக்கும் மூன்று நான்கு வாரம் பச்சை எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதுவரை 42-ஐ அடிப்படையாக வைத்து மேலே ஐந்தாறு கூடுதலாக நிறுத்துவேன்.

பில் கவுண்டர்

மூணு நாலு வாரம் அதிகம். பவுடரை மாசத்துக்கு ஒரு தடவை வாங்குறவர் அந்த நாலு வாரத்துல ஒரே ஒரு தடவைதான் வருவார். அவர் திரும்ப நீலத்துக்குப் போனாரா இல்லையான்னு எதை வெச்சு முடிவு பண்றது? தினம் வாங்குற சரக்குக்கு ரெண்டு வாரமே போதும், இதுக்கு ரெண்டு மாசம் வேணும். ஒரே கணக்கு எல்லாத்துக்கும் ஆகாது.

கணக்குப்பிள்ளை

ரெண்டு மாதம் நீலம் ஒரு நாள்கூடத் தீராமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு சுத்தமாக வரும். நடுவில் ஒரு தடவை தீர்ந்தாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். உறுப்பினர் அட்டை இருக்கும் கடை என்றால், அந்த நாலு நாளில் பச்சை எடுத்த நீலக்காரர்களின் அடுத்த பில்லை மட்டும் தனியாகப் பார்க்கலாம். அட்டை இல்லாத கடையில் இதற்கு நல்ல வழி யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.