இழை: தனித்தனியாக எடுத்து, சேர்ந்து பேசுவதாகக் காட்டும் காணொளிக்கு என்ன சொல்?

அமுதா (சுங்கை சிப்புட்)

வணக்கம். சனிக்கிழமை எங்கள் ஊரில் இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்குக் காணொளிப் பட்டறை நடக்கிறது. வியாழன் மாலைக்குள் கையேடு அச்சுக்கடைக்குப் போக வேண்டும். எல்லாப் பக்கமும் முடிந்துவிட்டன, ஒரு தலைப்பு மட்டும் வெறுமையாக நிற்கிறது.

இரண்டு பேர் சேர்ந்து ஒரு காணொளி செய்கிறார்கள், ஆனால் சந்திப்பதே இல்லை. ஒருவர் இங்கே தோட்டத்து வீட்டு வாசலில் தன் பேச்சை மட்டும் எடுக்கிறார். மற்றவர் கூலிமில் தன் பேச்சை எடுக்கிறார். துண்டுகளை மாற்றி மாற்றி வைத்தால் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. பிள்ளைகள் இதைக் ‘கொலாப்’ என்கிறார்கள். ஆனால் சேர்ந்து செய்யும் எதையுமே அவர்கள் கொலாப் என்றுதான் சொல்கிறார்கள். ‘கூட்டுக் காணொளி’ என்று எழுதிப் பார்த்தேன், அதிலும் இதே குறை. இந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு சொல் வேண்டும்.

முத்தையா (முன்னாள் தோட்டக் கிராணி)

டீச்சர், பேத்தி கல்யாணத்துக்கு நாங்களும் இப்படித்தான் செய்தோம். ஜொகூரிலிருந்து மச்சான், பினாங்கிலிருந்து என் தங்கை என்று பதினொரு பேர் அவரவர் வீட்டிலிருந்து பேசி அனுப்பினார்கள். மருமகன் ஒட்டிக் கொடுத்தான். ‘வாழ்த்துத் தொகுப்பு’ என்று பெயர் வைத்தோம். அதையே வைத்துக்கொள்ளலாமே?

அமுதா

ஐயா, அந்தப் பதினொரு பேரும் மணமக்களைப் பார்த்துப் பேசினார்கள், ஒருவருக்கொருவர் பதில் சொல்லவில்லை. நான் கேட்பது இருவர் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதாகத் தோன்றும் காணொளியை.

கவின் (கூலிம்)

அக்கா, இது டிக்டாக் டூயட் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். டூயட்டில் திரை இரண்டாகப் பிரிந்து இரண்டு முகமும் ஒரே நேரத்தில் தெரியும். இதில் ஒரு நேரத்தில் ஒரு முகம்தான். செய்வதும் சுலபம். ஒருவர் இடப்பக்கம் பார்க்க வேண்டும், மற்றவர் வலப்பக்கம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ‘ஒட்டுரையாடல்’ என்று வைக்கலாம். ஒட்டிச் செய்த உரையாடல்.

மெய்யப்பன் (தெலுக் இந்தான்)

அன்புடையீர், புதிதாகத் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியலில் உறழ்கலி என்று ஒரு வகை உண்டு. ஒருவர் கூற்றும் மற்றவர் மாற்றமும் இடையிடையே மிடைந்து வருவது அதன் இலக்கணம். மாற்றம் என்றால் இங்கே மறுமொழி. கலித்தொகையில் தலைவனும் தலைவியும் வாதாடும் பாடல்களைப் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அமுதா கேட்பதும் இதுவே. ஆகவே ‘உறழ்காட்சி’.

உறழ்தல் என்பதற்கு மாறுபடுதல் என்றும் பொருள், ஒத்திருத்தல் என்றும் பொருள். சொற்கள் சேரும் புணர்ச்சியில் இருவிதமாகவும் வரலாம் என்பதை உறழ்ச்சி என்கிறோம். இரண்டு ஊர், இரண்டு வெளிச்சம், ஆனால் ஓரிடம்போல் தோற்றம். மாறுபாட்டையும் ஒப்பையும் ஒரே வேர் தாங்குகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சேகர் (படத்தொகுப்பாளர், கோலாலம்பூர்)

சொல்லுக்குப் போகுமுன் கவின் சொன்னதை நிறுத்திப் பார்க்க வேண்டும். பாதி சரி. மீதிப் பாதியில்தான் பிள்ளைகள் விழுவார்கள்.

இடம், வலம் என்று சொன்னால் யாருடைய இடம், யாருடைய வலம்? போனுக்கு முன் உட்கார்ந்திருப்பவரின் வலக்கைப் பக்கம் திரையில் இடப்பக்கமாக வரும். ஒருவர் தன் இடப்பக்கத்தையும் மற்றவர் திரையின் வலப்பக்கத்தையும் நினைத்துக்கொண்டால் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். வெட்டி ஒட்டினால் பேச்சு சரியாகப் பொருந்தும், ஆனால் இருவரும் ஓரத்தில் நிற்கும் மூன்றாவது ஆளோடு பேசுவதுபோல் இருக்கும். ‘ஏதோ சரியில்லை’ என்று பார்ப்பவருக்குத் தோன்றும், ஏன் என்று சொல்லத் தெரியாது. அதனால் நான் இடம் வலம் சொல்வதில்லை. ‘உன் வலக்கைப் பக்கம்’, ‘உன் இடக்கைப் பக்கம்’ என்று எழுதிக் கொடுப்பேன்.

இன்னொன்று, பார்க்கும் புள்ளி லென்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. போன் ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால், லென்சுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு காகிதப் பொட்டு ஒட்டி அதைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். மற்றவரும் அதே ஒரு மீட்டர், அதே ஒரு சாண். அவர் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு ஒரு சாணில் பொட்டு வைத்தால் பார்வைச் சாய்வு பாதியாகிவிடும். ஒருவர் நண்பரைப் பார்ப்பார், மற்றவர் கிட்டத்தட்ட நம்மைப் பார்ப்பார். உயரமும் அப்படித்தான். நிற்பவருக்குப் பொட்டு கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, உட்கார்ந்தவருக்குக் கொஞ்சம் மேலே.

அமுதா

சேகர் சொன்னதைப் படித்ததும் போன மாதம் நாங்கள் செய்த சோதனை நினைவுக்கு வந்தது. அக்கா தம்பி உரையாடல். அக்கா இங்கே எங்கள் வீட்டுக் கூடத்தில், தம்பி கூலிமில் கவின் வீட்டில். இருவரும் எதிரெதிர்ப் பக்கம்தான் பார்த்தார்கள், நானே சரிபார்த்தேன். ஆனாலும் ஒட்டியபோது ஒரே பக்கம் பார்த்தார்கள். அரை நாள் தேடினேன். கடைசியில் தம்பிக்குப் பின்னால் சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கவனித்தேன். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தது.

கவின்

ஆமாம், அது என் போன். முன்பக்கக் கேமராவில் எடுத்தேன், அது படத்தைத் திருப்பிச் சேமித்துவிட்டது. ஐபோனில் `Mirror Front Camera` என்று ஓர் அமைப்பு இருக்கிறது, மற்றப் போன்களில் வேறு பெயரில் இருக்கும். அதை அணைக்க வேண்டும், இல்லையென்றால் பின்பக்கக் கேமராவில் எடுக்க வேண்டும். அன்றைக்குத் தொகுக்கும்போது படத்தைத் திருப்பிப் போட்டுச் சரி செய்தோம்.

சேகர்

திருப்பிப் போட்டது சரியானதற்குக் காரணம், அது முதலிலேயே திரும்பியிருந்ததுதான். ஒழுங்காகப் பதிவான படத்தில் ஆள் தவறான பக்கம் பார்த்திருந்தால், திருப்பியதும் பார்வை சரியாகும், எழுத்து திரும்பிவிடும். எழுத்தே இல்லாவிட்டாலும் தலை வகிடும் கைக்கடிகாரமும் பக்கம் மாறும். அந்த ஆளை வேறு காணொளிகளில் பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முத்தையா

இப்போதுதான் விளங்குகிறது, நான் சொன்னது வேறு. மன்னிக்கவும். ஆனால் ‘ஒட்டு’ வேண்டாம். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் சொல்கிறேன். எங்களுக்கு ஒட்டு என்றால் ஒட்டுப்பால். பால் வடியும் மங்கிலும் மரத்தில் சீவிய கோட்டிலும் காய்ந்து கிடப்பதைச் சுரண்டி எடுப்போம், நல்ல பாலைவிட விலை குறைவு. ‘ஒட்டுரையாடல்’ என்றால் மட்டமான பேச்சு என்றுதான் எனக்குக் கேட்கிறது. ஒட்டுக் கேட்பதும் நினைவுக்கு வருகிறது.

லயத்தில் திருவிழா இரவுகளில் எசப்பாட்டு பாடுவோம். இந்த வரிசை வீட்டிலிருந்து ஒருவர் ஓர் அடி பாடுவார், எதிர் வரிசையிலிருந்து இன்னொருவர் அதற்குப் பதில் அடி பாடுவார். இருட்டில் முகம் தெரியாது. குரல்தான் வரும், ஆனால் பேச்சு நடந்துகொண்டே இருக்கும். ‘எசப்பேச்சு’ என்று வையுங்கள் டீச்சர்.

மெய்யப்பன்

முத்தையா அவர்களின் நினைவு அருமை. சொல்லை ஏற்க மனம் வரவில்லை. எச என்பது இசை என்பதன் பேச்சு வடிவம், இலை எலை ஆவதுபோல. இசைதல் என்றால் உடன்படுதல், பொருந்துதல், ஆகவே பொருள் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மாணவர் கையேட்டில் கொச்சை வடிவை அச்சிட்டால் அதுவே நிலைத்துவிடும். திருத்தி ‘இசைப்பேச்சு’ என்றால் பாட்டும் தாளமும்தான் நினைவுக்கு வரும். இரண்டு பக்கமும் அடைபடுகிறது. உறழ்காட்சியே நிற்கட்டும்.

மேலும் ஒன்று. சங்கப் பாடல்களில் தலைவன் சிறைப்புறத்தானாக நிற்க, தலைவியோ தோழியோ அவன் கேட்கும்படி பேசுவதாகப் பல துறைகள் உண்டு. வேலிக்கு அப்பால் நிற்பவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை, ஆனால் பாட்டு முழுவதும் அவனை நோக்கியே போகிறது. காணாதவர் இருவரை உரையாட வைக்கும் கலை நமக்குப் பழையது.

சேகர்

ஐயா வேறெதற்கோ சொன்னது என் வேலைக்கு நேராக வந்து விழுகிறது. இந்த வகைக் காணொளியில் பிள்ளைகள் மறந்துவிடுவது அந்தச் சிறைப்புறத்து ஆளைத்தான். பேசுவதை மட்டும் எடுத்து அனுப்புகிறார்கள், கேட்பதை எடுப்பதில்லை. அக்கா பேசும்போது தம்பி முகம் என்ன செய்தது என்று காட்ட ஒரு துண்டும் இல்லாவிட்டால், பேசும் வாய்களை மட்டுமே மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். அது பந்தாட்டம் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

ஆகவே ஒவ்வொருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதை முப்பது விநாடி தனியாக எடுக்க வேண்டும். சும்மா தலையாட்டச் சொல்லக் கூடாது. பக்கத்தில் ஒருவர், பொட்டு இருக்கும் இடத்தில் நின்று, மற்றவர் வசனத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். அப்போதுதான் முகம் உண்மையாகவே கேட்கும். பேசும் துண்டுகளிலும் அப்படிப் படிக்கலாம், ஆனால் இருவர் குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் இடைவெளி விட வேண்டும். குறுக்கே பேசுவதுபோல் வேண்டுமென்றால் அதைத் தொகுப்பில் செய்துகொள்ளலாம். அக்கா முகம் திரையில் இருக்கும்போதே தம்பி குரலைத் தொடங்கிவிட்டு, அரை விநாடி கழித்து அவன் முகத்துக்குப் போனால் போதும்.

வெவ்வேறு இடத்தில் எடுத்ததை ஓரிடமாகக் காட்டுவதை ரஷ்யாவில் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920களின் தொடக்கத்திலேயே சோதித்துப் பார்த்தார். மாஸ்கோவின் வெவ்வேறு இடங்களில் எடுத்த இருவரைச் சந்திக்க வைத்தார். ஒலியில்லாப் படம் என்பதால் அவருக்கு ஒரு தொல்லை இல்லை. நமக்கு உண்டு. சுங்கை சிப்புட் கூடத்தில் காற்றாடி ஓடும், கூலிமில் ஓடாது, ஒவ்வொரு வெட்டிலும் காற்றாடி நின்று நின்று ஓடும். இரண்டு இடத்திலும் யாரும் பேசாமல் அறையின் ஓசையை மட்டும் அரை நிமிடம் பதிவுசெய்து கொடுத்தால், இரண்டையும் அடியில் சேர்த்து ஓட விடலாம்.

சொல்லைப் பொறுத்தவரை எனக்கு எதுவும் சரி. ‘காட்சி’ என்பதைவிடப் ‘பேச்சு’ என்று முடிவது நல்லது.

அமுதா

இன்று வகுப்பில் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னேன். ‘உறழ்காட்சி’யைப் பாதிப் பேர் ‘உளறல் காட்சி’ என்று படித்தார்கள். மெய்யப்பன் ஐயா வருந்தக் கூடாது, பொருளைச் சொன்னதும் ரசித்தார்கள், ஆனால் இரண்டாம் முறையும் அப்படியே படித்தார்கள். ‘ஒட்டுரையாடல்’ புரிந்தது, நீளம் என்றார்கள். ‘எசப்பேச்சு’ என்றதும் ஒரு மாணவி, “எங்கள் பாட்டி பாடுவாரே, அதுபோலவா?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

கையேட்டில் ‘எசப்பேச்சு’ போகிறது. உறழ்கலி பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்.

மெய்யப்பன்

பத்திக்கு நன்றி. என் மறுப்பு அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் ‘ழ’கரத்தைத் தவறாகப் படித்தால் திருத்த வேண்டியது படிப்பை, சொல்லை அன்று. அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.

கவின்

சரி ஐயா. அக்கா, இன்னொரு கேள்வி. இதற்கு வினை என்ன? ‘எசப்பேச்சு எடுத்தோம்’ என்பதா, ‘எசப்பேச்சு பேசினோம்’ என்பதா? நான் தனியாகச் சுவரைப் பார்த்துத்தானே பேசினேன்.

அமுதா

நான் ‘எடுத்தோம்’ என்று எழுதியிருந்தேன். முத்தையா ஐயா ‘போட்டோம்’ என்கிறார். அச்சுக்கடைக்காரர் வாசலில் நிற்கிறார்.