ஒரே மருந்து, இரண்டு அட்டைகள்: எங்கள் வீட்டுக் காய்ச்சல் பெட்டி

வாசல்விளக்கு எழுதியது

சளிக்காலம் வருவதற்கு முன் வீட்டில் என்னென்ன வாங்கி வைக்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். போன முறை எங்கள் வீட்டுப் பெட்டியில் எதற்கும் குறையே இல்லை. அதுதான் வினையாகப் போனது.

அப்பாவுக்கு எழுபது வயது, எடை 48 கிலோ. காய்ச்சல், உடம்புவலி, இருமல். பகலில் நானும் இரவில் தம்பியும் பார்த்துக்கொண்டோம். நான் 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுத்தேன். மூக்கடைப்பால் அப்பா தூங்க முடியாமல் தவிப்பதைப் பார்த்த தம்பி, அதே பெட்டியில் இருந்த சளி மாத்திரையை எடுத்துக் கொடுத்தான். ஒரு நாளில் மூன்று. அவன் கொடுத்தது எனக்குத் தெரியாது. நான் கொடுத்தது அவனுக்குத் தெரியும், ஆனால் இரண்டும் வேறு வேறு மருந்து என்றே நினைத்திருக்கிறான்.

இரண்டாம் நாள் மாலை அந்தச் சளி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். முதல் வரியே பாராசிட்டமால் 500. அதன் கீழே மூக்கடைப்புக்கு ஒன்று, ஒவ்வாமைக்கு ஒன்று. உட்கார்ந்து கூட்டினேன். என் கணக்கில் 2600, தம்பியின் கணக்கில் 1500. ஒரே நாளில் 4100 மில்லிகிராம் உள்ளே போயிருக்கிறது. நல்ல உடம்பு உள்ள பெரியவர்களுக்கே 4000தான் எல்லை. அப்பாவைப் போல ஐம்பது கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும்.

அப்பா அப்போது நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடத்தான் தோன்றியது. இருந்தாலும் இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். ரத்தம் எடுத்துக் கல்லீரலைச் சோதித்தார்கள், அடுத்த நாளும் சோதித்தார்கள். பாதிப்பு இல்லை. மருத்துவர் சொன்ன ஒன்றை மறக்கவே முடியாது. பாராசிட்டமால் அதிகமானால் முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், கல்லீரல் பாதிப்பு இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் வெளியே தெரியும், அதை முறிக்கும் மாற்று மருந்து சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன் தரும். ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது.

முந்தின இரவு அப்பா சிறுநீர் போகச் சிரமப்பட்டதையும் அவரிடம் சொன்னேன். அப்பாவுக்கு ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம் உண்டு. சளி மாத்திரையில் இருந்த மற்ற இரண்டு மருந்துகளும் அதை மோசமாக்கக் கூடியவை என்றார்.

இப்போது எங்கள் பெட்டியில் தனிப் பாராசிட்டமால் மட்டுமே இருக்கிறது, அதுவும் 500 ஒன்றுதான். கலப்புச் சளி மாத்திரை எதுவும் இல்லை. மூடியின் உள்பக்கம் ஒரு தாள், நூலில் கட்டிய பேனா. நேரம், காய்ச்சல் அளவு, கொடுத்தது என்ன, கொடுத்தவர் யார். எழுதிய பிறகுதான் மாத்திரையைப் பிரிக்க வேண்டும் என்பது வீட்டு விதி.

உங்கள் வீடுகளில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

தனிமரம்

உங்கள் அப்பா நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. நான் மாத்திரையை அதிகம் நம்புவதில்லை, நீராகாரம்தான் முக்கியம் என்பவன். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துவிடுவேன். ஒரு லிட்டரை யாரும் குடிப்பதில்லை. அதனால் ஒரு பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, கரிப்புத் தெரியாமல் இருக்க இரண்டு கரண்டி சர்க்கரையும் போட்டு ஒரே மூச்சில் குடிக்க வைப்பேன். சத்து முழுவதும் உள்ளே போய்விடும் அல்லவா?

மருந்துமேசை

தனிமரம் ஐயா, தயவுசெய்து இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். இருபது வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். நீராகாரம் முக்கியம் என்று நீங்கள் சொல்வது சரி. கரைக்கும் முறைதான் ஆபத்தானது.

ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை 200 மில்லி தண்ணீரில் போட்டால் உப்பு ஐந்து மடங்காகிறது. குடல் அந்தக் கரைசலை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடம்பில் இருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். தாகம் கூடும், பேதியும் கூடும். சிறு குழந்தையாக இருந்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகலாம். சர்க்கரையும் சுவைக்காகச் சேர்த்ததில்லை. குடல் சுவரைக் கடக்கும்போது குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகப் போகின்றன, அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது. அந்த அளவை நாம் மாற்றினால் கரைசல் வேலை செய்யாது.

பொட்டலங்களில் ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உறையில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டுங்கள். பாதியைக் கரண்டியால் எடுத்துவைக்க வேண்டாம். உப்பும் சர்க்கரையும் பொடியில் சமமாகப் பிரிந்து வராது. ஒரு லிட்டரையும் குடித்து முடிக்க வேண்டும் என்பதில்லை. மூடிவைத்து அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒரு லிட்டர் எதுவரை என்று கோடு போட்ட பாட்டிலையும் பெட்டியோடு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. இந்தக் கரைசல் வாந்தி, பேதிக்கானது. வெறும் சளிக்காய்ச்சலுக்குத் தண்ணீரும் வழக்கமாகக் குடிப்பவையும் போதும்.

தனிமரம்

இவ்வளவு நாளும் நல்லது செய்வதாக எண்ணியிருந்தேன். போன வருடம் பேரனுக்கும் அப்படித்தான் கொடுத்தேன். அவன் இன்னும் தண்ணீர், இன்னும் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தது இப்போதுதான் புரிகிறது. நன்றி.

இரட்டையர் அம்மா

மாத்திரையை விடச் சிரப்பில் தவறு நடப்பது சுலபம். என் பிள்ளைகள் இருவருக்கும் மூன்று வயது, ஆளுக்கு 12 கிலோ. மருத்துவர் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். அதனால் ஏழரை மில்லி. என் மனதில் நின்றது ஏழரை என்ற எண் மட்டும்தான்.

புது பாட்டில் வாங்கினோம். அதே நிறுவனம், அதே படம், அதே நிறம். நள்ளிரவில் பெரியவளுக்கு ஏழரை மில்லி கொடுத்துவிட்டு மூடும்போதுதான் 5 மில்லிக்கு 250 என்பதைப் பார்த்தேன். கொடுக்க வேண்டியது 3.6 மில்லி, கொடுத்தது இரண்டு மடங்குக்கும் மேல். கை நடுங்க மருத்துவரை அழைத்தேன். ஒருமுறை இந்த அளவு போனதால் ஆபத்தில்லை, அடுத்த வேளையைத் தள்ளிப்போடுங்கள், விடியும்வரை வேறெதுவும் கொடுக்க வேண்டாம் என்றார். இதையே தெரியாமல் இரண்டு நாள் தொடர்ந்திருந்தால் கதை வேறு.

இப்போது ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டுத்தாளில் பிள்ளைகளின் எடை, எடை பார்த்த தேதி, இந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி என்று எழுதி ஒட்டுகிறேன். கரண்டியை விட்டுவிட்டு ஊசியில்லாத சிரிஞ்சால்தான் அளக்கிறேன். குழந்தைகளுக்கான சொட்டுமருந்து இன்னும் அடர்த்தியாக இருக்கும். அதை வீட்டிலேயே வைத்துக்கொள்வதில்லை.

பழையபேருந்து

இங்கே மூக்குச் சொட்டு மருந்து பற்றித்தானே பேச்சு? மூக்கடைப்பு நீக்கும் மருந்தை மூன்று வாரமாகப் போடுகிறேன். போட்டதும் திறக்கிறது, இரண்டு மணி நேரத்தில் முன்னைவிட அதிகமாக அடைக்கிறது. இன்னும் வீரியமானது எதையாவது பெட்டியில் வைக்கலாமா?

மருந்துமேசை

பேச்சு பெட்டியைப் பற்றி. ஆனாலும் கேட்டது நல்லது. இப்போது உங்கள் மூக்கை அடைப்பது அந்த மருந்துதான். ஐந்து நாளைக்கு மேல் போட்டால் உள்சவ்வு அதற்குப் பழகி, மருந்து தீர்ந்ததும் வீங்கிக்கொள்கிறது. வீரியமானதைத் தேடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பெட்டியில் வைக்க உப்புநீர்ச் சொட்டு போதும்.

தனிமரம்

வெப்பமானி கட்டாயம் வேண்டுமா? கை வைத்துப் பார்த்தாலே தெரியாதா?

இரட்டையர் அம்மா

காய்ச்சல் இருக்கிறது என்பதைக் கை சொல்லும், எவ்வளவு என்பதைச் சொல்லாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அதைக் கையால் எப்படிச் சொல்வது? அக்குளில் வைத்தால் உள்வெப்பத்தைவிட அரை டிகிரியோ அதற்கும் மேலோ குறைவாகக் காட்டலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். வியர்வையைத் துடைத்துவிட்டு, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, ஒலி வரும்வரை காத்திருங்கள்.

எங்கள் வெப்பமானி ஒரு இரவு முழுவதும் 35 என்றே காட்டியது. பிள்ளை கொதித்துக்கொண்டிருந்தாள். அதனால் சளிக்காலம் தொடங்கும்போது எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு நாளில் என் அக்குளில் வைத்துப் பார்த்துவிடுகிறேன். 36க்கும் 37க்கும் நடுவில் காட்டாவிட்டால் மின்கலத்தை மாற்றுவேன். அப்படியும் சரியாகாவிட்டால் வெப்பமானியையே மாற்றிவிடுவேன்.

என் பெட்டியில் ஐபுப்ரோஃபென் சிரப்பும் இருக்கிறது.

மருந்துமேசை

அதை மட்டும் பெட்டியில் வைக்காமல் இருப்பதையே விரும்புவேன் அம்மா. வாந்தி, பேதியில் நீர் வற்றிய பிள்ளைக்கு அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். டெங்கு சந்தேகம் இருந்தால் தொடவே கூடாது. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் இதையெல்லாம் யோசிக்க மாட்டோம்.

இரட்டையர் அம்மா

எங்கள் குழந்தைகள் மருத்துவர் பார்த்துத்தான் அனுமதித்தார். பிள்ளை நன்றாகக் குடிக்கிறாள், சிறுநீர் போகிறாள் என்றால் மட்டும். நான் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கப்போவதில்லை.

மருந்துமேசை

உங்கள் மருத்துவர் சொன்னதன் குறுக்கே நான் நிற்க மாட்டேன். ஆனால் அவர் சொன்ன அந்த நிபந்தனையையும் பாட்டிலில் ஒட்டிவையுங்கள். தனிமரம் ஐயா, நீங்கள் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால் அந்த அட்டை இந்தப் பெட்டிக்குள் வரக் கூடாது. ஃப்ளூ வந்த பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் அரிதாக மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரலாம்.

வாசல்விளக்கு

எல்லோருக்கும் நன்றி. பெட்டியில் ஒரு லிட்டர் பாட்டில் சேர்ந்துவிட்டது, பொட்டலங்களில் 200 மில்லிக்கானவற்றைத் தனியே எடுத்துவிட்டேன். மூடியின் வெளிப்பக்கம் தம்பி எழுதி ஒட்டியிருக்கிறான்: மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, எட்டு மணி நேரம் சிறுநீர் இல்லாமை, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பெட்டியைத் திறக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

மருந்துமேசை ஐயாவிடம் ஒரு கேள்வி. அப்பா ரத்த அழுத்தத்துக்காக நீர் மாத்திரை சாப்பிடுகிறார், உப்பையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பேதி வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலை எவ்வளவு கொடுக்கலாம்? நீர் மாத்திரையை அன்று நிறுத்த வேண்டுமா?

மருந்துமேசை

இதற்கு நான் அளவு சொல்லக் கூடாது. அவருடைய சிறுநீரகமும் இதயமும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கேட்டு, அந்தத் தாளில் எழுதிவையுங்கள்.

வாசல்விளக்கு

வியாழக்கிழமை அவருடைய மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். தாளில் அதற்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன்.